ஓய்வுக்கால வருமானம் பற்றாது என்று வாடிக்கையாளருக்கு எப்படி எழுதுவது: ஆலோசகருக்கான முழுமையான வழிகாட்டி

கணக்குப் போட்டாயிற்று. வாடிக்கையாளரின் சேமிப்பு அவர் எதிர்பார்க்கும் மாத வருமானத்தைத் தராது என்று தெரிந்துவிட்டது. இனி அதை அவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கணக்கில் தேர்ந்த ஆலோசகர்கள்கூட இந்த ஒரு மின்னஞ்சலில் தடுமாறுகிறார்கள். சிலர் எல்லா எண்களையும் கொட்டிவிடுகிறார்கள். சிலர் கெட்ட செய்தியை நான்காம் பத்தியில் ஒளித்துவைக்கிறார்கள். எந்த வரிசையில் எழுதினால் அவருக்குப் புரியும், எந்த இடத்தில் அவர் மறுப்பார், வழிகளை எப்படிச் சொல்வது என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு இது: கோவையில் தனியார் நிறுவன ஊழியர். 2025 செப்டம்பரில் 50 வயது நிறைந்தது, 58-இல் ஓய்வு. மனைவி வேலைக்குப் போகவில்லை. சொந்த வீடு உண்டு. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். பி.எஃப். இருப்பு 28 லட்சம். மியூச்சுவல் ஃபண்டில் 12 லட்சம், அதில் மாதம் 15,000 எஸ்.ஐ.பி. போகிறது. வங்கி எஃப்.டி. 10 லட்சம். ஊருக்கு வெளியே 25 லட்சம் பெறும் ஒரு மனை.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பி.எஃப். பாஸ்புக். வாடிக்கையாளர் வாய்வார்த்தையாகச் சொல்லும் இருப்பை நம்பி எழுதாதீர்கள். பாஸ்புக்கில் ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். மூன்றையும் கூட்டிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மூன்றாவது பத்தியில் இருப்பது பென்ஷன் நிதிக்குப் போய்விட்ட பணம். ஓய்வின்போது மொத்தமாகக் கைக்கு வராது. பழைய நிறுவனத்துக் கணக்கு மாற்றப்படாமல் தனியாகக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே யூ.ஏ.என். கீழ் இரண்டு மூன்று கணக்குகள் இருப்பது சாதாரணம்.

அடுத்து பணிக்கால விவரம். இடையில் வேலை மாறியபோது பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டிருந்தால் அந்த ஆண்டுகள் பென்ஷன் கணக்கில் சேராது. நம் எடுத்துக்காட்டில் 2001 செப்டம்பரிலிருந்து ஒரே தொடர்ச்சி.

மூன்றாவது, மாதச் செலவு. "மாசம் என்ன செலவாகும் சார்?" என்று மட்டும் கேட்டால் ஒரு தோராயம்தான் வரும். கடந்த ஆறு மாத வங்கிக் கணக்குப் பட்டியலைக் கேளுங்கள். இங்கே இப்போதைய செலவு 60,000. மகளின் படிப்புச் செலவும் கார் கடன் தவணையும் நின்றுவிடும். இருவருக்கான மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் புதிதாகச் சேரும், ஏனென்றால் அலுவலகக் குழுக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம் என்பதால், ஓய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் முன்பே எடுக்கச் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் ஓய்வுக்காலத் தேவை இன்றைய விலையில் 50,000.

நான்காவது, எந்தப் பணம் எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்வது. இந்த 10 லட்சம் எஃப்.டி. மகளின் கல்யாணத்துக்கு. அதை ஓய்வுக்கால நிதியிலும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிக்கிறோம். நகையும் குடியிருக்கும் வீடும் அப்படியே. விற்கப்போவதில்லை என்றால் கணக்கில் வராது.

## 2. விடையை இன்றைய ரூபாயில் முடித்துக்கொள்ளுங்கள்

இன்றைய 50,000 ரூபாய்ச் செலவு, ஆண்டுக்கு 6% விலைவாசி உயர்வில், எட்டு ஆண்டு கழித்து ஏறக்குறைய 80,000 ஆகும். இதை அப்படியே எழுதினால் வரும் முதல் பதில்: "நாங்க ரெண்டு பேரும் எண்பதாயிரம் செலவு பண்ற ஆளுங்க இல்ல சார்." அதோடு மீதி மின்னஞ்சலை அவர் படிக்க மாட்டார். தேவை, வருமானம் இரண்டையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றி எழுதுங்கள். 58 வயதில் வரும் எண்களை இணைப்புத் தாளில் வைத்துக்கொள்ளலாம்.

நம் கணக்கு: பி.எஃப். 8%, சம்பள உயர்வு 6%, மியூச்சுவல் ஃபண்ட் 10% என்று வைத்தால், 58-இல் பி.எஃப். சுமார் 69 லட்சம், ஃபண்ட் சுமார் 47 லட்சம். மொத்தம் 1.16 கோடி. ஓய்வுக்குப் பிறகு 7.5% வருமானம், 6% விலைவாசி உயர்வு, 88 வயது வரை 30 ஆண்டுகள் என்று வைத்து, ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும்படி எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். எக்செலில் இந்த ஒரு வரி போதும்:

```
=PMT((1+7.5%)/(1+6%)-1,30,-11600000,0,1)/12
```

விடை 39,200. கடைசியில் இருக்கும் 1 முக்கியம். பணத்தை ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கிறோம் என்று அது சொல்கிறது. வருமானத்திலிருந்து விலைவாசியை வெறுமனே கழித்து 1.5% என்று போடுவதைவிட மேலே உள்ளபடி வகுத்துப் போடுவதே சரி.

இதோடு பி.எஃப். பென்ஷன். ஊதிய உச்சவரம்பு 15,000. வாய்பாடு ஊதியம் × பணிக்காலம் ÷ 70. பலரும் 15,000-ஐ மொத்தப் பணிக்காலத்துக்கும் போட்டு, 20 ஆண்டு தாண்டியதற்கான 2 ஆண்டு சேர்ப்பையும் கூட்டி, 7,286 என்று சொல்லிவிடுகிறார்கள். 2014 ஆகஸ்டு வரையிலான பணிக்காலத்துக்கு உச்சவரம்பு 6,500-தான். முதல் 13 ஆண்டுக்கு 6,500, அடுத்த 19 ஆண்டுக்கு 15,000 என்று பிரித்துப் போட்டால், சேர்ப்பு ஆண்டுகளோடு ஏறக்குறைய 5,500 வரும். விலைவாசி ஏறினாலும் இந்தத் தொகை ஏறாது.

இரண்டும் சேர்த்து 44,700. இன்றைய ரூபாயில் 28,000. தேவை 50,000, குறைவது 22,000. இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான் மின்னஞ்சல் முழுவதும் அமைய வேண்டும்.

## 3. முதலில் போன், பிறகு மின்னஞ்சல்

அனுப்பும் நாளன்று காலையில் ஐந்து நிமிடம் பேசுங்கள். "கணக்கு முடிஞ்சிருச்சு சார், கொஞ்சம் குறையுது. மெயில் அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை வீட்ல ரெண்டு பேரும் உட்கார்ந்து படிங்க, செவ்வாய்க்கிழமை பேசுவோம்." முன்னறிவிப்பு இல்லாமல் வந்த மின்னஞ்சலை அவர் அலுவலகத்தில், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே திறப்பார், பயத்தில் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவது போன்ற முடிவுகள் அப்படித்தான் பிறக்கின்றன.

பொருள் வரியில் தொகை எழுத வேண்டாம். போன் திரையில் அது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். "ஓய்வுக்காலக் கணக்கு: காலையில் பேசியது" என்பது போதும். கணக்கு எண், பான் எண் எதுவும் மின்னஞ்சலுக்குள் வரக்கூடாது. கணக்குத் தாளைக் கடவுச்சொல் போட்டு இணையுங்கள்.

## 4. தொடக்கப் பத்தியில் விடை, குறை, நம்பிக்கை மூன்றும் வரட்டும்

> வணக்கம் சார். காலையில் போனில் சொன்ன கணக்கு இது. 58 வயதில் ஓய்வு பெற்றால், உங்கள் சேமிப்பும் பென்ஷனும் சேர்ந்து இன்றைய விலைவாசியில் மாதம் 28,000 ரூபாய் வரைதான் தாங்கும். உங்களுக்கும் மேடத்துக்கும் தேவைப்படுவது 50,000. அதாவது மாதம் 22,000 குறைகிறது. இதைச் சரிசெய்ய எட்டு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. கீழே மூன்று வழிகள் எழுதியிருக்கிறேன். மூன்றையும் சேர்த்துச் செய்தால் 49,000 வரை எட்டலாம் என்று கணக்கு காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை பேசும்வரை எதையும் மாற்ற வேண்டாம்.

குறையும் தொகையும் அதைத் தீர்க்கும் அளவும் ஒரே பத்தியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. குறையை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பவர்கள் அதிகம். கடைசி வாக்கியமும் அவசியம். அது இல்லாவிட்டால் திங்கட்கிழமையே பேங்க் மேனேஜரிடம் போய் ஏதாவது பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

## 5. வட்டிக் கணக்கை அவர் கேட்கும் முன் நீங்களே எடுங்கள்

இந்தப் பகுதிக்கு மின்னஞ்சலில் அதிக இடம் கொடுங்கள். வாடிக்கையாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: 1.16 கோடியை 8.2% வட்டிக்குப் போட்டால் மாதம் 79,000 வருமே, தேவையான 80,000-க்கு அது கிட்டத்தட்டச் சரியாகத்தானே இருக்கிறது, முதலும் அப்படியே இருக்குமே? அவர் பெருக்கியது சரி. அதனால்தான் நம்முடைய 39,200 அவருக்குச் சந்தேகமாகப் படுகிறது. ஆலோசகர் எதையோ விற்கப் பயமுறுத்துகிறார் என்றுகூட நினைப்பார்.

பதிலை மூன்று படியாக எழுதுங்கள். முதலாவது, 8.2% என்பது 2025-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தரும் வட்டி. அதில் ஒருவர் 30 லட்சம்தான் போட முடியும். மீதிக்கு அந்த வட்டி கிடைக்காது. வட்டிக்கு வரியும் உண்டு.

இரண்டாவதுதான் உயிர்நாடி. வட்டி 79,000-இலேயே நிற்கும், செலவு நிற்காது. 58-இல் 80,000 ஆக இருக்கும் செலவு 68-இல் 1,43,000 ஆகிவிடும். முதல் ஆண்டு சரியாக இருப்பதுபோல் தெரிவதுதான் இதில் உள்ள ஆபத்து. வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால்தான் பின்னாளில் ஏறும் செலவுக்குப் பணம் இருக்கும்.

மூன்றாவதாக, அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை வயதாகச் சொல்லுங்கள். பென்ஷனும் சேர்த்து மாதம் 80,000-இல் தொடங்கி விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே எடுத்தால், 7.5% வருமானத்தில் 72 வயது வாக்கில் பணம் தீரும்.

> இந்தக் கணக்கில் 72 வயதுக்குப் பிறகு மிஞ்சுவது 5,500 ரூபாய் பென்ஷன் மட்டும். அப்போது மேடத்துக்கு 68 வயது இருக்கும்.

சதவீதத்தை மறந்துவிடுவார், மனைவியின் வயதை மறக்க மாட்டார். பயமுறுத்த இதை எழுதவில்லை. இருவரில் நீண்ட நாள் இருக்கப்போகிறவருக்கும் சேர்த்துத்தான் திட்டம் என்பது அவருக்கு விளங்க வேண்டும்.

## 6. மற்ற காரணங்களைத் தொகையோடு, குற்றம் சொல்லாமல்

வட்டிக் கணக்கைத் தவிர இன்னும் இரண்டு காரணம் போதும். ஆறேழு காரணம் எழுதினால் எது பெரியது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் இன்றைய ரூபாயில் மாதத் தொகை போட்டுப் பெரியதை முதலில் வையுங்கள்.

நம் வாடிக்கையாளர் 2017-இல் வீட்டுக்காகப் பி.எஃப்.-இலிருந்து 9 லட்சம் எடுத்தார். அது அங்கேயே இருந்திருந்தால் 8% வட்டியில் 58-இல் 30 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இன்றைய ரூபாயில் மாதம் 6,500-க்குச் சமம். இதை எழுதும்போது அந்த வீட்டால் ஓய்வுக்காலத்தில் வாடகை இல்லை என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். அது உண்மை, 50,000 என்ற தேவை குறைவாக இருப்பதே அந்த வீட்டால்தான்.

அடுத்தது எஃப்.டி. அவர் அதை ஓய்வுக்கு என்று நினைத்திருந்தார், நாம் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிவிட்டோம். 7% வட்டியில் வளர்ந்தால் மாதம் 3,600 அளவுக்கு வித்தியாசம். எதற்கு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். மின்னஞ்சலில் அதைக் கேள்வியாகவே விடுங்கள்.

## 7. வழிகள்: ஒவ்வொன்றும் எவ்வளவு நிரப்பும், பதிலுக்கு என்ன கேட்கும்

வழிகளைப் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுங்கள். தனித்தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டினால் தப்பு வரும். ஓய்வு தள்ளிப்போனால் எஸ்.ஐ.பி. இன்னும் இரண்டு ஆண்டு வளர்கிறது. ஒன்று மற்றதன் பலனை மாற்றுகிறது.

58-க்குப் பதில் 60. 28,000 என்பது 32,500 ஆகும். இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்கிறது, எடுப்பதும் இரண்டு ஆண்டு குறைகிறது. 58-க்குப் பிறகு நிறுவனப் பங்கிலிருந்து பென்ஷன் நிதிக்குப் போவது நின்று, முழுவதும் பி.எஃப்.-க்கே வரும். பென்ஷனையும் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4% கூடும். ஆனால் நிறுவனம் 58-இல் அனுப்பிவிடும் என்றால் இந்த வழி காகிதத்தில்தான் இருக்கும். ஓய்வு வயதை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள். 58-இல் முடிந்துவிடும் என்றால், வீட்டுச் செலவுக்கு மட்டும் போதுமான சம்பளத்தில் வேறு வேலை பார்த்துச் சேமிப்பைத் தொடாமல் வைத்தாலே பலனில் பெரும்பகுதி கிடைக்கும்.

எஸ்.ஐ.பி.யை 25,000 ஆக்கி, ஆண்டுதோறும் 10% ஏற்றுவது. 60-இல் ஓய்வோடு சேர்த்தால் 41,300 வரை வரும். கூடுதல் 10,000 எங்கிருந்து என்று எழுதாவிட்டால் இது வெறும் ஆசை. இவருக்குக் கார் கடன் தவணை 11,000 அடுத்த மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் 5-ஆம் தேதி முதல் புதிய எஸ்.ஐ.பி. என்று தேதியோடு எழுதுங்கள். தவணை முடிந்து இரண்டு மாதம் கடந்தாலே அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: ஆண்டுக்கு 10% ஏற்றினால் பத்தாவது ஆண்டில் எஸ்.ஐ.பி. மாதம் 59,000 ஆக இருக்கும். மகளின் படிப்பு முடிந்தபின் அது முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். முடியாது என்றால் 5% ஏற்றத்தில் மறுபடி கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

மனையை 60-இல் விற்பது. மனை விலைவாசி அளவுக்கு மட்டுமே ஏறும் என்று வைத்தால் அப்போது சுமார் 44.8 லட்சம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த மனையின் லாபத்துக்கு வரி உண்டு. இன்றைய விதியில் 12.5%. வரியும் தரகும் போக 39 லட்சம் என்று வையுங்கள். மாத வருமானம் 49,000-ஐத் தொடும். மனை என்றால் நம் ஊரில் கணக்கை விடப் பாசம் பெரியது, பிள்ளைக்கு என்று வைத்திருப்பார். விற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வைத்துக்கொண்டால் மாதம் 7,800 குறையும் என்று மட்டும் எழுதுங்கள். அதைவிட, பட்டாவும் வில்லங்கச் சான்றும் இப்போதே சரிபார்க்கச் சொல்வது உதவும். 60 வயதில் அவசரமாக விற்கப்போகும்போது பட்டா தாத்தா பெயரில் இருப்பது தெரிந்தால் ஒரு ஆண்டு போய்விடும்.

செலவைக் குறைப்பதும் ஒரு வழிதான். 5,000 குறைத்தால் குறை நேராக 5,000 இறங்கும். ஆனால் அதை முதலில் எழுதினால் "சாப்பாட்டைக் குறைச்சுக்கோ" என்று சொல்வதுபோல் ஒலிக்கும். கடைசியில் ஒரு வரியாக வையுங்கள். பெரும்பாலும் அவர்களே எடுத்துச் சொல்வார்கள்.

"நல்ல ஃபண்டா மாத்தினா சரியாயிடாதா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கும் தொகையிலேயே பதில் இருக்கிறது. 58-இல் ஓய்வு, அதே 15,000 எஸ்.ஐ.பி. என்று வைத்து, ஃபண்ட் வருமானத்தை 10%-இலிருந்து 12% ஆக்கினாலும் இன்றைய ரூபாயில் மாதம் 1,200-தான் கூடுகிறது. எட்டு ஆண்டில் வருமான வீதத்தை விடப் போடும் தொகையே பெரிது. அந்த 1,200-க்காக ஓய்வுக்கு அருகில் அதிக ஏற்ற இறக்கம் உள்ள ஃபண்டுக்குப் போவது வீண் ஆபத்து. ஓய்வு பெறும் ஆண்டிலேயே சந்தை விழுந்தால், விழுந்த விலையில் விற்றுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

## 8. அனுமானங்களை வெளிப்படையாக எழுதுங்கள்

வழிகளுக்குக் கீழே சில வரிகளில்: விலைவாசி 6%, பி.எஃப். 8%, ஃபண்ட் 10%, ஓய்வுக்குப் பின் 7.5%, வயது 88 வரை. எதுவும் உறுதி அளிக்கப்பட்டது அல்ல என்று தெளிவாக எழுதுங்கள். "கிடைக்கும்" என்ற சொல்லை இந்த மின்னஞ்சலில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். "இந்தக் கணக்கின்படி வரும்" என்று எழுதுங்கள். செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் வருமானத்துக்கு உறுதி சொல்லக்கூடாது. மின்னஞ்சல் வாக்குறுதிபோல் படிக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

அனுமானம் மாறினால் என்ன ஆகும் என்று ஒன்றே ஒன்று காட்டுங்கள். விலைவாசி 5% என்றால் இப்போதைய 28,000 என்பது 34,000 ஆகும். 7% என்றால் 23,000 ஆகும். இதில் அவர் கவனிக்க வேண்டியது, எந்தப் பக்கம் போனாலும் 50,000 எட்டவில்லை என்பது. ஆகவே ஏப்ரலில் எஸ்.ஐ.பி. ஏற்றும் முடிவு எப்படியும் மாறாது. மனையைப் பற்றிய முடிவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

## 9. அனுப்பிய பிறகு

முடிவில் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: நிறுவனத்தில் ஓய்வு வயது என்ன, எஃப்.டி. எதற்கு. இந்த இரண்டுக்கும் பதில் வராமல் அடுத்த கணக்கு போட முடியாது. "ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று முடித்தால் பதிலே வராது.

செவ்வாய்க்கிழமை பேசும்போது மனைவியும் இருக்கட்டும். எடுத்த முடிவை அன்று மாலையே மூன்று நான்கு வரியில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசனையையும் அதன் காரணத்தையும் குறைந்தது 5 ஆண்டு பாதுகாத்து வைப்பது பதிவு பெற்ற ஆலோசகரின் கடமை. இந்த இரண்டு மின்னஞ்சல்களும் அந்தப் பதிவில் சேர வேண்டியவை. ஒரு வழியை அவர் வேண்டாம் என்றால் அதையும் எழுதிவையுங்கள்: "மனையை விற்பதில்லை என்று முடிவு, மாதம் 7,800 குறைவதை ஏற்றுக்கொண்டார்."

அடுத்த ஆண்டு பாஸ்புக்கில் வட்டி ஏறியதும் இதே தாளைத் திறந்து உண்மையான இருப்பைப் போடுங்கள். அப்போது அனுப்பும் மின்னஞ்சலில் முதல் வரி இப்படி இருந்தால் போதும்: "போன ஆண்டு 22,000 குறைந்தது, இப்போது இவ்வளவு குறைகிறது."